நர்சிங்கா, பி.எட்.-ஆ? தங்கைக்கு ஒரு கடிதம்

"அக்கா, ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. அப்பத்தாவுக்குக் காலில் புண் வந்தபோது நான்தான் தினமும் கட்டு மாற்றினேன், அதனால் அப்பா நர்சிங் என்கிறார். அம்மா டீச்சர் வேலைதான் பொம்பளைப் பிள்ளைக்கு நல்லது என்கிறார். எனக்கு இரண்டுமே பிடிக்கும். பி.எஸ்.சி. நர்சிங் போகவா, டிகிரி முடித்து பி.எட். போகவா? நீதான் சொல்ல வேண்டும்."

பாப்பா,

இரண்டுமே பிடிக்கும் என்கிறாய். சரி, அப்படியானால் பிடித்தது எது என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நீ இரண்டு படிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறாய். நான் பார்ப்பது வேறு. படிப்பு முடிந்த நாளுக்கும் முதல் சம்பளம் வாங்கும் நாளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அதைப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும். ஒன்று நான் இருக்கும் துறை, இன்னொன்று என் வீட்டுக்காரர், உன் மாமா, இருக்கும் துறை. அதனால் இரண்டையும் உள்ளிருந்தே சொல்ல முடியும்.

முதலில் மாமாவின் பக்கம். நீ இந்த ஆண்டு, 2026-ல், கலைக் கல்லூரியில் சேர்ந்தால் டிகிரி 2029-ல் முடியும். பி.எட். இரண்டு ஆண்டு, ஆக 2031. அதோடு ஆசிரியர் ஆகிவிடலாம் என்று அம்மா நினைக்கிறார். அம்மா பார்த்த காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு சீனியாரிட்டிக்காகக் காத்திருப்பார்கள். இப்போது அரசுப் பள்ளிக்குப் போக இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலாவது டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆறு முதல் எட்டு வரை எடுக்க இரண்டாம் தாளை எழுத வேண்டும். மொத்தம் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி, நம்மைப் போல இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் 2012-ல் முதல் முறை நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை, பிள்ளைகள் தயாராகித்தான் போகிறார்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. 2012, 2013, அப்புறம் 2017, 2019, 2022, 2025. இந்த இடைவெளிகளைப் பார். ஒரு முறை தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெட் தேறினாலும் வேலை இல்லை. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149-இன்படி, தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அந்த ஆணைக்குப் பிறகு பட்டதாரி ஆசிரியர்களுக்கான முதல் போட்டித் தேர்வு எப்போது நடந்தது தெரியுமா? 2024 பிப்ரவரி 4. 2,222 இடங்கள் என்று அறிவித்து, பின்னால் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மாமா 2013-லேயே டெட் தேறியவர். நடுவில் இருந்த பத்து ஆண்டுகளும் தனியார் பள்ளியில்தான் ஓடின. எட்டாயிரம் சம்பளத்தில் சேர்ந்தார். பள்ளி முடிந்து மாலையில் டியூஷன், இரவில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பு. என் கல்யாணப் பேச்சின்போது பெரியப்பா "மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இல்லையே" என்று இழுத்தது உனக்கு நினைவிருக்கும். இன்று அவர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார், மனநிறைவோடு இருக்கிறார். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளை வீட்டில் யார் தாங்கினார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டீச்சர் வழியில் இன்னொரு பொறி, நீ எடுக்கும் டிகிரி. பள்ளியில் பாடமாக இருப்பதைத்தான் பட்டப் படிப்பில் எடுக்க வேண்டும்: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்று மைக்ரோபயாலஜி, பயோடெக் என்று போனால், அது விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையா என்று அரசாணை தேடி அலைய வேண்டிவரும். வணிகவியல், பொருளியல் என்றால் இங்கே பி.எட். சேரவே முதுகலை முடித்திருக்க வேண்டும். "காலேஜுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று ஏஜென்ட் யாராவது பி.எட். சீட்டு பேசினால் கதவைச் சாத்து. வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும் என்பது விதி. அதைவிட முக்கியம், அந்தப் பயிற்சி வாரங்களில்தான் நீ டீச்சரா இல்லையா என்று உனக்கே தெரியும். அதை விலைக்கு விற்றுவிட்டால் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது.

இப்போது என் பக்கம். பி.எஸ்.சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். 2026-ல் சேர்ந்தால் 2030-ல் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவெண் கைக்கு வந்த மாதத்திலேயே மதுரையில் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைக்கும். சம்பளம் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும், பெரிதாக எதிர்பார்க்காதே. ஆனால் அங்கே கிடைக்கும் இரண்டு ஆண்டு அனுபவம்தான் அடுத்த கதவுகளைத் திறக்கும். வளைகுடா நாடுகளுக்கு அது தேவை. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை, பி.எஸ்.சி. முடித்து பதிவு செய்தவர்கள் அனுபவம் இல்லாமலேயே எழுதலாம். தேறினால் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900. ஆனால் நாடு முழுவதும் போட்டி, அதில் பெண்களுக்கு 80 சதவீத இடம்.

மாநில அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எம்.ஆர்.பி. தேர்வு. இங்கே உனக்கு மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015 முதல் எம்.ஆர்.பி. வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்கள் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். போராடிப் போராடித்தான் அது 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள், பல ஆயிரம் பேர் அதைக் கடந்தும் காத்திருந்தார்கள். அரசு நர்ஸ் என்றதும் கை நிறையச் சம்பளம் என்று அப்பா நினைப்பதும், டீச்சர் என்றால் உடனே வேலை என்று அம்மா நினைப்பதும் ஒரே மாதிரிதான். நிரந்தரமான பிறகு இரண்டு வேலைக்கும் தொடக்க அடிப்படை ஊதியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் காத்திருக்கும் காலத்தில்தான். பதிவு பெற்ற நர்ஸுக்கு அந்தக் காலத்தில் வேறு மருத்துவமனை, வேறு மாநிலம், வேறு நாடு என்று போக இடம் இருக்கிறது. பி.எட். முடித்தவளுக்குப் பெரும்பாலும் அதே ஊர் தனியார் பள்ளிதான்.

அப்படியானால் நர்சிங்தானே என்று முடிவு கட்டிவிடாதே. வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கேள்.

அப்பத்தாவுக்குக் கட்டு மாற்றினாய், முகம் சுளிக்கவில்லை, நல்லது. ஆனால் அப்பத்தா ஒரே ஆள், நம் ஆள், நீ தூங்கி எழுந்து செய்தாய். வார்டில் இரவு ஏழு மணிக்கு டியூட்டி எடுத்தால் காலை ஏழு வரை. நாற்பது பேர் படுத்திருப்பார்கள், சில இரவுகளில் அவர்களுக்கு நீ ஒருத்திதான். அவர்களில் யாரும் உன்னை அப்பத்தா போலக் கொஞ்ச மாட்டார்கள். நோயாளியோடு வந்த அட்டெண்டர் யாராவது குடித்துவிட்டு வந்து கத்துவார். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கணக்கு போட வேண்டியிருக்கும். உதாரணமாக, 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உன் கையில் இருக்கும் ஐ.வி. செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு, எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21. கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி ரோலரைத் திருக வேண்டும். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு திணறும். கணக்கு சின்னதுதான். தூக்கக் கண்ணோடு, குறுக்கே ஆயிரம் பேர் கூப்பிடும்போது, தப்பில்லாமல் போட முடியுமா என்பதுதான் கேள்வி. இதயக் கோளாறு உள்ள முதியவருக்கு சொட்டு வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால்தான் மாணவிகளிடம் நான் முதலில் கவனிப்பது கையின் மென்மையை அல்ல. ஒரு வேலை நடுவில் தடைபட்டுத் திரும்பி வரும்போது, விட்ட இடத்தை மறுபடி சரிபார்க்கிறாளா என்பதைத்தான் பார்ப்பேன். நீ அடுப்பில் பாலை வைத்துவிட்டு போன் பேசுகிறவள். சிரிக்காதே, இது பழகினால் வரும். ஆனால் பழகத்தான் வேண்டும்.

இன்னொன்று, நீ தமிழ் வழியில் படித்தவள். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். எழுதுவதும் ஆங்கிலத்தில். படிப்பை விட்டு ஓடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரத்தத்தைப் பார்த்து ஓடுவதில்லை, இந்த முதல் ஆறு மாதத்தில்தான் ஓடுகிறார்கள். கல்லூரி திறக்க மாதங்கள் இருக்கின்றன. உன் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, மனித உடல் பாடங்களை ஒரு முறை வாசித்து முடி. தெரிந்த விஷயத்தையே வேறு மொழியில் பார்ப்பதால் பாரம் தெரியாது.

பள்ளிக்கூட வேலையும் அம்மா நினைப்பது போல ஒன்பதிலிருந்து நான்கு மணி வரை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்கு நீ சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து உன் தமிழ் மிஸ் டீச்சராகப் போ என்றார், அது எனக்கும் தெரியும். அந்த நால்வரும் படிக்க வந்தவர்கள். எட்டாம் வகுப்பில் நாற்பத்தைந்து பேர் இருப்பார்கள். பத்துப் பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வராது, நீ எடுக்க வேண்டியதோ இயற்கணிதம். அந்தப் பத்துப் பேரை என்ன செய்வது என்று மாமா இரவு உட்கார்ந்து யோசிப்பதை நான் பார்க்கிறேன். அதற்கு நடுவில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகையும் விவரங்களும் ஏற்ற வேண்டும், தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும், மே மாதம் உனக்கே இருக்கும். எனக்குப் பதினைந்து தீபாவளியில் எத்தனை வீட்டில் கழிந்தது என்று அம்மாவைக் கேள். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு இரவு டியூட்டிக்குப் போவது உடம்பையும் வீட்டையும் எப்படிப் பிழியும் என்று அவர் என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இரண்டும் பிடிக்கும் என்கிற உனக்கு இன்னொரு விஷயம் முக்கியம். நர்சிங்குக்குள் கற்பிக்கும் வேலை இருக்கிறது. பி.எஸ்.சி. முடித்து ஓராண்டு வார்டு அனுபவம் இருந்தால் நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேரலாம். எம்.எஸ்.சி. நர்சிங் இன்னும் இரண்டு ஆண்டு, அதற்கும் ஓராண்டு அனுபவம் கேட்பார்கள். முடித்து, கற்பித்த அனுபவமும் சேர்ந்தால் உதவிப் பேராசிரியர். நான் இப்போது செய்வது அந்த வேலைதான்: காலையில் மாணவிகளோடு வார்டு, மதியம் வகுப்பு. தனியார் கல்லூரிகளில் சம்பளம் சுமார்தான், ஆனால் இரவு டியூட்டி கிடையாது. பி.எட். போனவள் பிறகு வார்டுக்கு வர நினைத்தால், முதலிலிருந்து நான்கு ஆண்டு படிக்க வேண்டும். அதேபோல நர்சிங் படித்துவிட்டுப் பள்ளியில் கணக்கோ அறிவியலோ எடுக்கலாம் என்றும் நினைக்காதே, அது நடக்காது. நீ கற்பிக்க விரும்புவது பதினெட்டு வயதுப் பெண்களுக்கா, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கா என்று யோசித்துப் பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் என்றால் நர்சிங்கை மறந்துவிடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

கல்லூரி விஷயம். அரசு நர்சிங் கல்லூரிகள் மதுரை, தேனி, சேலம், செங்கல்பட்டு, சென்னை என்று இருந்தாலும் இடங்கள் சில நூறுதான். தமிழ்நாட்டில் இதற்கு நீட் இல்லை, இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை போடுவார்கள். உன் மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால், சேருவதற்கு முன்பு ஒன்றை மட்டும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமம் சொல்கிறது. போர்டில் 100 என்று எழுதியிருக்கும். நீ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்க் கட்டில்களில் நோயாளி இருக்கிறார்களா என்று பார். மெத்தையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தால் அங்கே படிப்பு புத்தகத்தில்தான் நடக்கிறது என்று அர்த்தம். கேன்டீனில் மூன்றாமாண்டு மாணவியைப் பிடித்து, பிரசவ கேஸ் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், கேஸ் புத்தகத்தை உண்மையில் பார்த்து எழுதுகிறார்களா, சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்களா என்று கேள். பிள்ளைகள் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடுவார்கள். கல்லூரியோ மருத்துவமனையோ அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பாண்டு கேட்டால் கையெழுத்துப் போடாதே. அப்படி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கலைக் கல்லூரி விண்ணப்பம் மே மாதத்திலேயே தொடங்கிவிடும், நர்சிங் கலந்தாய்வு நடப்பதற்குள் அங்கே வகுப்பே ஆரம்பித்திருக்கும். நர்சிங்கை நம்பிச் சும்மா இருந்தால் இரண்டும் போய்விடும். அதனால் இரண்டுக்கும் விண்ணப்பி. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்.சி. விலங்கியல் கிடைத்தால் சேர்ந்துகொள், கட்டணம் மிகக் குறைவு. அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருந்தால், அவை அங்கே இருக்கின்றன என்று போனஃபைடு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் கிடைக்கும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அப்பாவை அலைய விடாதே, நான் படித்துத் தொலைத்துவிட்டதால் உனக்கு அது கிடையாது.

என் கணிப்பு இதுதான். அரசு நர்சிங் கல்லூரியோ, நான் சொன்ன மாதிரி ஆள் நிறைந்த மருத்துவமனை உள்ள கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமோ கிடைத்தால் விலங்கியலை விட்டுவிட்டுப் போ. நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கட்டி, காலிக் கட்டில் கல்லூரியில் சேரத்தான் வேண்டும் என்றால் வேண்டாம். விலங்கியலையே நன்றாகப் படித்து பி.எட். முடி, மூன்றாம் ஆண்டிலிருந்தே டெட்டுக்குப் படி. அப்பா நிலத்தை அடமானம் வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் எனக்குப் போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு காரியம் செய். அடுத்த வாரம் என்னோடு வந்து தங்கு. நம் ஊர்க்காரர் ஒருவர் ராஜாஜி மருத்துவமனையில் அட்மிட் ஆகியிருக்கிறார், அவர் மகளுக்குத் துணையாக இரண்டு ராத்திரி வார்டில் இரு. வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், நர்ஸுகளை மட்டும் பார்த்துக்கொண்டிரு. பள்ளி திறந்ததும் நம் தெரு நடுநிலைப் பள்ளி தலைமையாசிரியரிடம் கேட்டு, ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார். எந்த இடத்திலிருந்து திரும்பி வந்து அன்று நடந்ததை எனக்கு அதிகம் சொல்கிறாய் என்று பார்க்கிறேன். வரும்போது மார்க் லிஸ்ட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா. விண்ணப்பத்தை இங்கே மாமாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா